ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய ‘விரைவில் வருகிறோம்’ பக்கம்

சுன்னாகத்தில் என் மச்சாள் வீட்டிலேயே மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி எல்லாம் செய்து விற்கிறா. அவவுக்கு ஒன்லைன் கடை கட்டி முடிய நாள் எடுக்கும் என்று தெரிந்ததும், டொமைனில் ‘விரைவில் வருகிறோம்’ என்று ஒற்றைப் பக்கம் ஒன்றைப் போட்டோம். வேர்ட்பிரஸ் பிளகின்தான். லொகின் செய்திருக்கும் எங்களுக்குக் கட்டிக்கொண்டிருக்கும் கடை தெரியும், மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் மட்டும்.

பிளகினோடு வந்த படிவம் ஈமெயில் மட்டும்தான் கேட்டது. ஊர்ச்சனம் அதைத் தொடவே இல்லை. கீழே இருந்த நம்பருக்கு நேரே வட்ஸ்அப் பண்ணினார்கள். ஈமெயில் தந்தவர்கள் அநேகமாக ரொறன்ரோ, லண்டன் ஆட்கள். அப்புறம் இரண்டு கேள்விகளைச் சேர்த்தோம்: எந்த நாடு, என்ன வேண்டும். இந்தப் பக்கத்தால் கிடைத்த பெரிய பயன் அந்த இரண்டு பதில்களும்தான். கேட்டவர்களில் பாதிக்கு மேல் வெளிநாடு, அதிலும் மிளகாய்த்தூள் கிலோக் கணக்கில். யாழ்ப்பாணத்துக்குள் டெலிவரி செய்வதை முதலில் கட்டுவதாக இருந்தோம். அதைத் தள்ளிவைத்துவிட்டு, எடைக்கு ஏற்ப வெளிநாட்டுத் தபால் கட்டணம் கணக்கிடும் பகுதியை முதலில் முடித்தோம்.

பதிந்தவருக்கு ஓர் உறுதிப்படுத்தல் மெயில் போகும். அதிலுள்ள லிங்கை அழுத்தினால்தான் பட்டியலில் சேர்வார். பொய் முகவரிகள் இதில் கழிந்துவிடும். ஆனால் பலர் அழுத்தவே இல்லை. ஜிமெயிலில் எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தால் அது ஸ்பாமில் கிடக்கிறது. அந்த மெயிலைத் திறந்து Show original போனால், மெயில் உண்மையில் எங்கள் டொமைனின் அனுமதியோடுதான் வந்ததா என்று பார்க்கும் SPF, DKIM சோதனைகள் இரண்டிலும் PASS இல்லை. ஹோஸ்டிங் சர்வர் எங்கள் டொமைன் பெயரைப் போட்டு, அதற்கான அனுமதிப் பதிவுகள் டிஎன்எஸ்ஸில் இல்லாமலே அனுப்பிக்கொண்டிருந்தது. மெயில் அனுப்பும் சேவை ஒன்றை இணைத்து, அவர்கள் தந்த பதிவுகளை டிஎன்எஸ்ஸில் போட்ட பிறகு இன்பொக்ஸுக்கு வரத் தொடங்கியது.

நீண்ட நாள் வைத்திருந்தால்தான் தெரிகிற குறை ஒன்று இருக்கிறது: பதிந்தவர்கள் மறந்துபோகிறார்கள். கடை திறந்த மெயிலுக்கு ஒருவர் எழுதிய பதில், “நீங்கள் ஆர்? என்ர ஈமெயில் எப்பிடிக் கிடைச்சது?” அவர் பதிந்து பத்து மாதமாவது இருக்கும். இப்படிப்பட்டவர்கள் பலர் ‘ஸ்பாம்’ பொத்தானை அழுத்தினால் அடுத்த மெயில்கள் மற்றவர்களுக்கும் ஒழுங்காகப் போகாமல் விடலாம். பாதியிலிருந்து மச்சாள் மிளகாய் வறுக்கும் படத்தோடு இரண்டு வரி அனுப்பத் தொடங்கியிருந்தா. அந்த நாட்களில் சேர்ந்தவர்கள்தான் திறந்த வாரமே வாங்கினார்கள். மிச்சப் பேருக்கு, “நீங்கள் எங்களிடம் ஒடியல் மா கேட்டிருந்தீர்கள்” என்று முதல் வரியிலேயே நினைவூட்டி அனுப்பினோம். அது பரவாயில்லை.

திறக்கும் நாளுக்கு ஒரு விஷயம். பிளகினை நிறுத்திய பிறகும் சிலருக்குப் பழைய பக்கமே வந்தது, கேஷ் பிளகின் அதைச் சேமித்து வைத்திருந்ததால். லொகினில் இருப்பவர் கண்ணுக்கு இது படாது. கேஷை அழித்துவிட்டு, இன்கொக்னிட்டோவிலும் வேறு ஒருவரின் போனிலும் திறந்து பார்த்த பிறகு மெயிலை அனுப்புங்கள்.