பழைய எண்களை மறக்கும் நெட்வொர்க்: எடைகளைக் கட்டிவைப்பதா, படங்களை எடுத்துவைப்பதா?

எம்னிஸ்ட் கையெழுத்து எண்களில் 0 முதல் 4 வரை பழகிய ஒரு நியூரல் நெட்வொர்க் என்னிடம் இருந்தது. அதற்கு 5 முதல் 9 வரை சொல்லிக்கொடுக்க வேண்டும். புதிய படங்களை மட்டும் கொடுத்துப் பயிற்சியைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்தேன். மொத்தத் துல்லியம் 48 சதவீதத்தை ஒட்டி நின்றது. பாதி தேறிவிட்டதே என்று தோன்றலாம். ஆனால் சோதனைக்கான 10,000 படங்களில் 5 முதல் 9 வரை உள்ளவை 4,861. அதாவது புதியவை கிட்டத்தட்ட எல்லாமே சரி, பழையவை கிட்டத்தட்ட எல்லாமே போச்சு.

இது புதிய செய்தி இல்லை. 1989-லேயே மெக்ளாஸ்கியும் கோஹனும் ஒரு சிறு நெட்வொர்க்குக்கு ஒன்றாம் கூட்டல் வாய்ப்பாட்டைப் பழக்கிவிட்டு, அடுத்து இரண்டாம் வாய்ப்பாட்டை மட்டும் கொடுத்தார்கள். இரண்டாவது ஏற ஏற முதலாவது அழிந்துபோனது. இதற்கு மருந்தாக இன்று அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று, பழைய வேலைக்கு முக்கியமான எடைகளை, அதாவது பயிற்சியில் மாறிக்கொண்டே வரும் உள் எண்களை, நகரவிடாமல் பிடித்துவைப்பது. 2017-இல் கிர்க்பாட்ரிக்கும் டீப்மைண்ட் குழுவினரும் வெளியிட்ட எலாஸ்டிக் வெயிட் கன்சாலிடேஷன், சுருக்கமாக ஈ.டபிள்யூ.சி., இதில் பெயர்பெற்ற முறை. இன்னொன்று ரீப்ளே. பழைய படங்களில் கொஞ்சத்தை எடுத்துவைத்து, புதியவற்றோடு கலந்து திரும்பத் திரும்பக் காட்டுவது. இரண்டையும் செய்துபார்த்து ரீப்ளேவை வைத்துக்கொண்டேன்.

ஆனால் முதலில் என்னை ஈர்த்தது ஈ.டபிள்யூ.சி.தான். பழைய தரவே வேண்டாம் என்கிறது, கணக்கும் அழகு.

```
L = L_new + (λ/2) Σ F_i (θ_i − θ*_i)²
```

`L` என்பது பயிற்சி குறைக்கப் பார்க்கும் மொத்தம், `L_new` புதிய படங்களில் வரும் பிழை. `θ` என்பது இப்போதைய எடை, `θ*` பழைய வேலை முடிந்தபோது இருந்த எடை. `F` என்பது ஃபிஷர் மதிப்பு: அந்த எடையைச் சற்றே அசைத்தால் பழைய விடைகள் எவ்வளவு கலையும் என்பதன் அளவு. அதிகம் கலைக்கும் எடை நகர்ந்தால் அபராதம் அதிகம், கலைக்காத எடை இஷ்டம்போல் நகரலாம். `λ` அந்தப் பிடியின் இறுக்கம்.

`λ`-வைப் பத்து, நூறு, ஆயிரம் மடங்கு என்று கூட்டிப் பார்த்தேன். லேசாகப் பிடித்தால் பழையது போகிறது, இறுக்கிப் பிடித்தால் புதியது ஏறவில்லை. இரண்டும் நன்றாக இருக்கும் இடம் நடுவில் அகப்படவே இல்லை. முதலில் என் கோடில்தான் தப்பு என்று நினைத்தேன். அப்புறம் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. நான் ரீப்ளே பக்கம் போனதற்கு முழுக் காரணம் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நெட்வொர்க்கின் கடைசி அடுக்கில் 0 முதல் 9 வரை பத்து வாசல்கள். ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண் தருகிறது, அதிக மதிப்பெண் வாங்கியதே விடை. இரண்டாம் வேலையில் 5 முதல் 9 வரை உள்ள படங்கள் மட்டும்தான் வருகின்றன. அதைச் செய்து முடிக்க மிக எளிய குறுக்குவழி, எந்தப் படம் வந்தாலும் 5 முதல் 9 வரையுள்ள வாசல்களின் மதிப்பெண்ணை மொத்தமாக ஏற்றிவிடுவது. அந்த ஐந்து வாசல்களின் பயாஸை, அதாவது எந்தப் படத்துக்கும் மதிப்பெண்ணோடு சேரும் நிலையான எண்ணை, கூட்டினாலே பெரும்பாலும் போதும். ஈ.டபிள்யூ.சி. இதைத் தடுக்குமா? முதல் வேலை நடந்தபோது இந்த வாசல்களுக்கான நிகழ்தகவு ஏறக்குறைய பூஜ்யம். அதனால் அவற்றின் எடைகளுக்கு வரும் ஃபிஷர் மதிப்பும் ஏறக்குறைய பூஜ்யம். பழைய 3-ஐ அடையாளம் காட்டிய எடைகள் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்து வாசல்கள் உயர்ந்துவிட்டதால் 3 இப்போது 5 ஆகவோ 8 ஆகவோ வாசிக்கப்படுகிறது. அபராதக் கணக்கிலும் எதுவும் ஏறுவதில்லை.

3-ஐயும் 5-ஐயும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்த ஒரு கணம்கூட இந்தப் பயிற்சியில் இல்லை. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே என்பது எந்த எடையிலும் பதியவில்லை. பதியாத ஒன்றை எப்படிப் பாதுகாப்பது? `λ`-வை எவ்வளவு திருகினாலும் இது வராது.

உங்கள் நெட்வொர்க்கிலும் நடப்பது இதுதானா என்று பார்க்க மூன்று வரி போதும். பழைய எண்களின் சோதனைப் படங்களைக் கொடுத்து:

```python
out = model(x_old)
print((out.argmax(1) == y_old).float().mean())
print((out[:, :5].argmax(1) == y_old).float().mean())
```

முதல் எண் தரைமட்டமாகவும், பழைய ஐந்து வாசல்களை மட்டும் ஒப்பிடும் இரண்டாவது எண் உயரமாகவும் இருந்தால், பழைய அறிவு அழியவில்லை; போட்டியில்தான் தோற்கிறது. எனக்கு ஈ.டபிள்யூ.சி.யில் வந்தது இந்த வடிவம்தான். இரண்டு எண்களும் விழுந்திருந்தால் உள் அடுக்குகளே கலைந்துவிட்டன என்று பொருள்.

வான் டி வெனும் டோலியாஸும் 2019-இல் இதையே இரண்டிரண்டு எண்களாக ஐந்து கட்டங்களில் ஒப்பிட்டிருந்தார்கள். பத்து எண்களுக்குள் தேர்வு செய்யச் சொன்னபோது ஈ.டபிள்யூ.சி. ஏறத்தாழ 20 சதவீதம். கடைசி இரண்டு எண்கள் மட்டும்தான் மிச்சம் என்று அர்த்தம். ரீப்ளே வகை முறைகள் 90-ஐத் தாண்டின. அதே ஒப்பீட்டில், இது எந்தக் கட்டத்துப் படம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஈ.டபிள்யூ.சி. மிக நன்றாகச் செய்கிறது. போட்டி அந்த இரண்டு வாசல்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது அல்லவா?

சரி, ரீப்ளே. நான் செய்தது எளிது. பழைய ஐந்து எண்களிலும் எண்ணுக்கு 20 படம் என்று குத்துமதிப்பாகப் பொறுக்கி 100 படங்களை எடுத்துவைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் புதியவை 64, சேமிப்பிலிருந்து 64. 3-உம் 5-உம் ஒரே சுற்றில் வந்ததும் அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிட்டது. 5-இன் பயாஸைக் கண்மூடித்தனமாக ஏற்றினால், கூடவே வரும் 3 உடனே பிழையாகத் திருப்பி அடிக்கும்.

ரீப்ளேவுக்கு இடம் அதிகம் வேண்டும் என்று சொல்வார்கள். என் 100 படங்களின் அளவு 78,400 பைட். 400 அலகுகள் கொண்ட இரண்டு மறை அடுக்குகள் உள்ள என் நெட்வொர்க்கில் 4,78,410 எடைகள். ஒவ்வொன்றுக்கும் பழைய மதிப்பு ஒன்று, ஃபிஷர் மதிப்பு ஒன்று என்று, தலா 4 பைட்டில் ஈ.டபிள்யூ.சி. சேமிப்பது சுமார் 38 லட்சம் பைட். அதே இடத்தில் 4,800-க்கும் மேல் படம் வைக்கலாம். பெரிய வண்ணப்படங்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அதை நான் இன்னும் நடத்திப் பார்க்கவில்லை.

ரீப்ளேயிலும் ஒரு தொந்தரவு உண்டு. அதே 100 படங்களை நூற்றுக்கணக்கான தடவை காட்டும்போது நெட்வொர்க் அவற்றை மனப்பாடம் செய்கிறது. சேமிப்புப் படங்களில் பிழை பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகும் சோதனைப் படங்களில் பழைய எண்கள் மெல்லச் சரிந்தால் அதுதான் அறிகுறி. படங்களைச் சற்றே நகர்த்தியும் சாய்த்தும் கொடுத்தால் தணிகிறது, எண்ணுக்கு 20-ஐ 50 ஆக்கினால் இன்னும் நன்றாகத் தணிகிறது.

நோயாளிகளின் ஸ்கேன் போல பழைய தரவை வைத்திருக்கவே கூடாத இடங்களில் ஈ.டபிள்யூ.சி. பக்கம் போகத்தான் வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. சரியான `λ` எது என்று தெரிய, பழையது எவ்வளவு மறந்தது என்று அளக்க வேண்டும். அளக்கப் பழைய தரவு வேண்டும். அதனால் அதை அழிப்பதற்கு முன்பே, கையிலிருக்கும் வகைகளையே இரண்டாகப் பிரித்து ஒத்திகை பார்த்து `λ`-வைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கேள்வி எந்த வேலையைச் சேர்ந்தது என்பதை வெளியிலிருந்து சொல்லும் வசதியையும் அப்போதே அமைத்துவிடுங்கள்.