நடைபாதையை இறக்குவதா, சாலையை ஏற்றுவதா?

ஒரு குறுக்குத்தெருக் கடவையைச் சக்கர நாற்காலியில் வருபவரும் பார்வையற்றவரும் கடக்கும்படி மாற்றும் வேலை எங்கள் குழுவிடம் வந்தது. வழி இரண்டு. நடைபாதை விளிம்பை வெட்டிச் சரிவாக்கிச் சாலைக்கு இறக்கலாம். அல்லது கடவை இருக்கும் இடத்தில் மட்டும் சாலையை மேடாக்கி நடைபாதையின் மட்டத்துக்கு ஏற்றலாம். நாங்கள் மேட்டைத்தான் போட்டோம், இன்றும் அதன் பக்கமே சாய்கிறேன்.

சரிவு மலிவு, ஒரே நாளில் முடியும், போக்குவரத்தை நிறுத்த வேண்டாம். மேட்டில் வண்டிகள் தாமாகவே வேகம் குறைக்கும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

முதல் சிக்கல் இடம். பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லும் சாய்வு 1:12. விளிம்புக்கல் 15 செ.மீ. உயரம் என்றால் சரிவு 1.8 மீட்டர் நீள வேண்டும். எங்கள் நடைபாதையின் அகலமே 2 மீட்டர். சரிவின் தலையில் மிஞ்சுவது 20 செ.மீ., நாற்காலி திரும்பி நிற்க அங்கே குறைந்தது 1.2 மீட்டர் சமதளம் வேண்டும். இடமில்லாததால், கடக்கவே போகாமல் நேராகச் செல்பவரும் அந்தச் சரிவைக் குறுக்கே தாண்ட வேண்டும், நாற்காலி சாலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நடைபாதை முழுவதையும் அந்த இடத்தில் தாழ்த்தலாம்தான், ஆனால் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும்.

இருந்தாலும் எங்களை முடிவெடுக்க வைத்தது இடம் அல்ல, தார். சரிவு முடியும் இடமும் சாலையும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரைதான் அது சரிவு. சில வருடங்களில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே 4 செ.மீ. புதுத் தார் போடுவார்கள். சரிவின் அடி அங்கேயே இருக்க, சாலை 4 செ.மீ. உயர்ந்துவிடும். அடுத்த முறை இன்னும் ஒரு 4 செ.மீ. கீழே இறங்கி வரும் நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை, அந்த விளிம்பில் முட்டி நின்றுவிடும். வேகமாக வந்திருந்தால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். அந்தப் பள்ளத்தில் மழைநீரும் மண்ணும் சேர்ந்து, சில சமயம், சாலை வருகிறது என்று பார்வையற்றவர் காலாலும் கோலாலும் உணரப் பதிக்கும் எச்சரிக்கை ஓட்டின் புள்ளிகளையும் மூடிவிடும். அவை 5 மி.மீ. உயரம்தானே, மறைய அதிக மண் தேவையில்லை. நேரான மரச்சட்டம் ஒன்றைச் சரிவின் அடியிலிருந்து சாலைக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தாலே இந்தப் படி தெரியும்.

மேட்டுக் கடவைக்கு இந்த நோய் குறைவு. மேல்தளத்தைக் கான்கிரீட்டில் போட்டு, தார் அதன் இரு ஓரத்தோடு நின்றுவிடும்படி செய்தோம். நாளை தெருவில் 4 செ.மீ. தார் ஏறினால், 15 செ.மீ. மேடு 11 ஆகும், வண்டிகள் ஏறும் சரிவு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். நடப்பவருடைய மட்டம் அசையாது. ஒப்பந்ததாரர் கான்கிரீட்டின் மேலேயே தார் ஊற்றாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

அதற்காக மேடு பராமரிப்பே கேட்காது என்று நினைக்க வேண்டாம். சாலையோரம் ஓடும் மழைநீரை அது அணைபோல் மறிக்கும். மேட்டுக்கு முன்பே நீரை உள்வாங்கும் குழி வேண்டும், அது அடைத்தால் தெருவே தேங்கும். குழிமூடியின் கம்பி இடைவெளி 13 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, நீளவாட்டம் நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், இல்லையேல் சக்கரமோ கோல் நுனியோ மாட்டும்.

இனிப் பார்வையற்றவர் பக்கம். இங்கே சரிவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். விளிம்பின் பள்ளத்தைக் கோலால் தொட்டுத்தான் அவர் சாலையை அறிகிறார். சரிவு அந்தத் தடயத்தை ஓரிடத்தில் மட்டும் அழிக்கிறது, மேடு கடவை அகலம் முழுக்க அழிக்கிறது. அதனால் புள்ளி ஓடுகளை முழு அகலத்துக்கும், ஏறத்தாழ 60 செ.மீ. ஆழத்துக்கு, இடைவெளி விடாமல் பதிக்க வேண்டும். ஒரு ஓடு பெயர்ந்தாலும் அதன் வழியே தெரியாமல் சாலைக்குள் போய்விடலாம். ஒட்டும் ரகம் வேண்டாம், கான்கிரீட்டோடு சேர்த்துப் பதித்ததுதான் நிற்கும். ஜப்பானில் செய்வதுபோல் சரிவின் அடியில் 2 செ.மீ. படி விடலாமே என்று ஒருவர் கேட்டார். கோலுக்கு அது உதவும், சில நாற்காலிகளுக்கு அதுவே தடை. எங்களுக்கு அந்தச் சமரசம் வேண்டியிருக்கவில்லை.

பேருந்துகள் நிறைய ஓடும் அகலமான சாலையில் மேட்டுக் கடவையைப் போட்டு நான் பார்த்ததில்லை. அங்கே 15 செ.மீ. ஏற்றத்துக்கு 1:15 சாய்வு வைத்தாலும் 2.25 மீட்டர் தேவை, பேருந்தில் நிற்பவர் குலுக்கலை எப்படித் தாங்குவார் என்பதை அந்தச் சாலைகளைப் பராமரிப்பவரிடம்தான் கேட்க வேண்டும். நடைபாதை 4 மீட்டர் அகலமிருந்து, தாரைச் சுரண்டிப் போடும் பழக்கமும் உள்ள இடத்தில், சரிவையே போடுவேன்.