முடி போற பக்கமா, எதிர்ப்பக்கமா? ஷேவிங்ல எது சரி

கன்னத்தை தடவிப் பாத்தா சுத்தமா வழுவழுன்னு இருக்கணும்னா எதிர்ப்பக்கமா ஒரு தடவை ரேசரை இழுத்தே ஆகணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்த வழுவழுப்பு எத்தனை மணி நேரம் தாங்குது, அதுக்காக கழுத்து என்ன பாடு படுதுன்னு சேர்த்துப் பாத்தா தான் எது லாபம்னு தெரியும்.

தாடி முடி தோலுக்கு நேரா நிக்காது, சாய்ஞ்சு தான் வெளிய வரும். அது சாய்ஞ்ச பக்கமே பிளேடு போனா முடியை அமுக்கிட்டே போய் வெட்டும், அதனால தோலுக்கு மேல துளி மிச்சம் நிக்கும். எதிர்ப்பக்கமா போனா பிளேடு முடியை நிமித்தி அடியோட வெட்டுது. அதுலயும் மூணு பிளேடு அஞ்சு பிளேடு ரேசர்னா முதல் பிளேடு முடியை கொஞ்சம் வெளிய இழுக்குது, அது உள்ள திரும்பிப் போறதுக்குள்ள பின்னாடி வர்ற பிளேடு வெட்டிடுது, அப்புறம் மிச்ச முடி தோலுக்கு உள்ளயே போய் உக்காந்துக்கும். நேரான முடின்னா அதே ஓட்டை வழியா மறுபடி வெளிய வந்துடும். சுருட்டை முடிதான் பிரச்சனை, வெட்டுன முனை கூரா இருக்கும், வளையுற முடி வழி மாறி பக்கத்து தோலை உள்ளேருந்தே குத்தும், இல்ல வெளிய வந்து வளைஞ்சு மறுபடி உள்ள இறங்கும், ரெண்டுலயும் அந்த இடம் சிவந்து பரு மாதிரி கட்டி ஆகிடும்.

இப்ப லாபக் கணக்கு. தாடி ஒரு நாளைக்கு சுமாரா 0.3லேருந்து 0.4 மில்லிமீட்டர் வளரும். எதிர் ஷேவிங்ல கூடுதலா 0.1 மில்லிமீட்டர் வெட்டுப்படுதுன்னு வச்சுக்கோங்க, அந்த அளவு திரும்ப வளர ஆறுலேருந்து எட்டு மணி நேரம் தான். அதாவது காலைல 7 மணிக்கு எதிர் ஷேவ் பண்ணவர் முகம் மதியத்துக்கு மேல எப்படி இருக்குமோ, முடி போற பக்கமாவே நேர் ஷேவ் பண்ணவர் முகம் காலைல 7 மணிக்கே அப்படி இருக்கு. சாயங்காலம் ரிசப்ஷன் மேடைல நிக்கணும், போட்டோ எடுக்கணும்னா அந்த ஆறு மணி நேரம் பெருசு, தினமும் ஆபீஸ் போறதுக்கு அது தேவையே இல்லைங்கறது என் கருத்து.

கழுத்தை பத்தி தான் முக்கியமா சொல்லணும். எங்க சித்தி பையனுக்கு தினமும் க்ளீன் ஷேவ் கேக்கற வேலை, கழுத்துல எப்பவும் சிவப்பு சிவப்பா கட்டி. "நான் எதிர்ப்பக்கமா போறதே இல்லண்ணா, மேலேருந்து கீழ தான் இழுக்குறேன்"னு சாதிச்சான். ரெண்டு நாள் தாடி விட்டுட்டு வாடான்னு சொல்லி, ஒரு பஞ்சை எடுத்து கழுத்துல தேய்க்கச் சொன்னேன். தாடைக்கு கீழ மேலேருந்து கீழ தேய்ச்சா பஞ்சு வழுக்கிட்டு போச்சு, குரல்வளைக்கு கீழ வந்ததும் அதே பக்கம் தேய்க்கும்போது நூல் நூலா மாட்டுது. அவனுக்கு அங்க முடி மேல் நோக்கி வளருது! நேர் ஷேவ்னு நெனச்சு கழுத்துல பாதிய தினமும் எதிர் ஷேவ் தான் பண்ணிட்டு இருந்திருக்கான். இது நிறைய பேருக்கு இருக்கு, சிலருக்கு காதுப் பக்கம் சாய்ஞ்சிருக்கும், சிலருக்கு ஒரு இடத்துல சுழியே இருக்கும், அதனால மேல கீழன்னு மனசுல வைக்காம பஞ்சு எந்தப் பக்கம் வழுக்குதோ அந்தப் பக்கம் தான் நேர்னு எடுத்துக்கணும். கீழ் கழுத்துல மட்டும் ரேசரை கீழேருந்து மேல திருப்புனான், தோலை இழுத்துப் பிடிக்கிறதையும் விட்டான், புதுசா கட்டி வர்றது நல்லாவே குறைஞ்சுடுச்சு.

எரிச்சலையும் கட்டியையும் ஒன்னா போட்டு குழப்பிக்காதீங்க. ஷேவ் முடிச்ச உடனே தீயா எரிஞ்சு ஒன்னு ரெண்டு நாள்ல அடங்கிட்டா அது தோல் உரசுனது, மழுங்குன பிளேடு, ஃபோம் இல்லாம ஒரே இடத்தை திரும்பத் திரும்ப இழுத்தது, அழுத்திப் பிடிச்சது, இதுலேருந்து வர்றது, நேர் ஷேவ்லயும் வரும். ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு கட்டி கிளம்பி நடுவுல கருப்பா முடி தெரிஞ்சா அது உள்வளர்ந்த முடி, அதுக்கு எதிர் ஷேவிங்கை தான் முதல்ல சந்தேகப்படணும்.

ரெண்டுக்கும் நடுவுல குறுக்கு ஷேவ்னு ஒன்னு இருக்கு. முதல்ல நேரா ஒரு தடவை, மறுபடி நுரை போட்டு காதுலேருந்து மூக்குப் பக்கமா குறுக்க ஒரு தடவை. எதிர் ஷேவ் அளவுக்கு வராது, ஆனா கிட்டத்தட்ட வந்துடும், எரிச்சலும் கம்மி. விசேஷ நாள்னா கன்னத்துல மட்டும் மூணாவதா எதிர்ப்பக்கம் போகலாம், அதுவும் வெந்நீர்ல மூணு நிமிஷம் முடியை நல்லா ஊற வச்சுட்டு. கழுத்தை விட்டுடுங்க.

சுருட்டை தாடி இருந்து கட்டி அடிக்கடி வர்றவங்களுக்கு இந்த ஒப்பீடே கிடையாது, எதிர் ஷேவ் வேண்டவே வேண்டாம். ஏற்கனவே கட்டி நிறைய இருந்தா மூணு நாலு வாரம் பிளேடையே நிறுத்திட்டு ட்ரிம்மர்ல 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க. உள்ள மாட்டுன முடியோட முனை தானா வெளிய வரும், ப்ளக்கர் வச்சு பிடுங்காதீங்க, பிடுங்குனா அது அடுத்த தடவை வளரும்போது தோலுக்கு உள்ளயே குத்த வாய்ப்பு இருக்கு.