மூடியைத் திறந்தால் உறைந்து நிற்கும் லேப்டாப்: நாலு வருஷம் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டது

"நீங்க வச்சிருக்கிற அதே மாடல் இப்ப விலை இறங்கியிருக்குங்க, எடுக்கலாமா?" என்று ஈரோட்டில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார். அவரும் என்னைப் போலக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையின் நிறம் அச்சுக்குப் போய் வரும் நிறத்தோடு ஒத்துப்போகிறது, எனக்கு அதுவே பெரிய விஷயம். கீபோர்டு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு பட்டன்கூட இழுக்கவில்லை. பெரிய ஃபைல்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தாலும் திணறுவதில்லை. குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: ஸ்லீப்பில் இருந்து எழுப்பினால் சில நாள் அப்படியே உறைந்துவிடும்.

மூடியைத் திறப்பேன். கீபோர்டு விளக்கு எரியும், ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. சேவ் செய்யாத பக்கங்கள் போய்விடும். முகூர்த்த மாதத்தில் இப்படி ஒரு ஆல்பத்தின் மதிய வேலை முழுவதும் போனால் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வாரன்டி முடிந்திருந்ததால் வெளியே ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். எஸ்எஸ்டி பழுது என்று சொல்லிப் புதிதாக மாற்றி, விண்டோஸை மறுபடியும் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் கையில் ஒரு முறைகூட உறையவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் பழைய கதைதான். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் கண்ணில் ஏன் படவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது.

உறைந்த மெஷினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சோதித்துப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது, திரைக்குப் படம் வரவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு B அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். ஒரு பீப் சத்தத்தோடு சில சமயம் திரை திரும்பிவிடும். மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைத் தொட்டாலும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்க் இன்னும் எழுந்திருக்கவில்லை. கேப்ஸ் லாக் விளக்கே அசையவில்லை என்றால் மொத்தமும் நின்றுபோயிருக்கிறது. என் மெஷினில் முதல் வகையும் மூன்றாவது வகையும் வந்தன. மவுஸ் மட்டும் நகரும் இரண்டாவது வகை வரவே இல்லை. எஸ்எஸ்டி மாற்றியதில் பலன் கிடைக்காததற்கு அதுவே போதுமான விளக்கம்.

அடுத்தது ஈவென்ட் வியூவர். உறைந்த நேரத்தைத் தேடிப் போனால் Kernel-Power பெயரில் 42 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகிறது என்று பொருள். ஒழுங்காக எழுந்த நாட்களில் அதற்கு அடுத்து Power-Troubleshooter என்ற பெயரில் 1-ஆம் எண் பதிவு வரும். தூங்கிய நேரம், எழுந்த நேரம், எது எழுப்பியது எல்லாம் அதில் இருக்கும். உறைந்த நாட்களில் அது இல்லை. 42-க்கு அடுத்து நேராக 41, அதாவது முறையாக அணைக்கப்படாமல் மறுபடியும் தொடங்கியது என்ற பதிவு. 41-ஐப் பார்த்ததும் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்கள் நிறைய பேர். நாம் பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே 41தான் வரும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டாஸ்க் மேனேஜரில் Performance, அதில் CPU பகுதியைத் திறந்தால் கீழே Up time என்று ஒன்று இருக்கும். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் படுக்கிறேன், ஆனாலும் அது ஒரு வாரத்துக்கு மேல் காட்டியது. காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8-இல் வந்தது, இன்றுவரை தொடர்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மூடி, நம்மை லாக் அவுட் செய்துவிட்டு, விண்டோஸின் அடிப்பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் hiberfil.sys என்ற ஃபைலில் எழுதி வைத்துக்கொள்கிறது. காலையில் அதையே திரும்பப் படித்துக்கொண்டு எழுகிறது. அதாவது நேற்று ஒரு டிரைவர் குழம்பிய நிலையில் இருந்தால், இன்று காலையிலும் அதே குழப்பத்தோடுதான் ஆரம்பிக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் இப்படி நடக்காது, எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இது புரிந்ததும் எனக்கு எல்லாம் பொருந்திவந்தது. ஒரு முறை உறைந்து, பட்டனால் அணைத்தால் அதற்குப் பிறகு சில நாள் ஒழுங்காக இருக்கும். அந்த அணைப்புதான் உண்மையான அணைப்பு. சர்வீஸ் சென்டரில் விண்டோஸ் போடும்போது பத்து முறை ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். அங்கே எப்படி உறையும்?

அதை அணைக்கும் வழி: கண்ட்ரோல் பேனலில் Power Options, அதில் Choose what the power buttons do, பிறகு Change settings that are currently unavailable. கீழே Turn on fast startup என்ற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்ய வேண்டும். powercfg /h off என்று கமாண்ட் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. லேப்டாப்பில் நான் அதைச் செய்ய மாட்டேன். அது ஹைபர்னேட்டையே எடுத்துவிடும், பேட்டரி தீரும் நேரத்தில் வேலையைக் காப்பாற்ற அது தேவை.

டிக்கை எடுத்த பிறகு உறைவது நன்றாகக் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. ஒரே நாளில் பல முறை மூடித் திறந்தால் அப்போதும் வந்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்லீப்பின் பாதையிலேயே அது இல்லை. வேறு இடத்தில் இருக்கும் பழுதை நாள் கணக்கில் சேர்த்துவைத்ததுதான் அதன் வேலை.

அந்த வேறு இடத்தைக் காட்டிக்கொடுத்தது கரண்ட் கட். சார்ஜர் மாட்டியிருக்கும்போது மூடினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது மூடினால்தான் உறைந்தது. பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனியாக இருக்கும் செட்டிங்குகளை அட்வான்ஸ்டு பவர் ஆப்ஷன்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். PCI Express பகுதியில் Link State Power Management பேட்டரிக்கு Maximum power savings என்றும், சார்ஜருக்கு Moderate என்றும் இருந்தது. தனி கிராஃபிக்ஸ் சிப் ப்ராசஸரோடு பேசுவது இந்த PCI Express வழியாகத்தான். சும்மா இருக்கும்போது அந்த இணைப்பையே மின்சாரம் குறைந்த நிலைக்கு இறக்குவது இந்த செட்டிங்கின் வேலை. பேட்டரி பக்கத்தை Off செய்தேன், உறைவது நின்றது. ஆனால் பேட்டரி முன்பைவிடச் சீக்கிரம் தீர ஆரம்பித்தது. ஆக, சந்தேகம் உறுதியானதே தவிர இது மருந்து இல்லை.

அதனால் செட்டிங்கைப் பழையபடி வைத்துவிட்டு, அடுத்த முறை உறைந்தபோது பட்டனைத் தொடாமல் காத்திருந்தேன். நல்ல நேரம் கழித்து நீலத் திரை வந்தது, DRIVER_POWER_STATE_FAILURE என்று. ஸ்லீப்பில் இருந்து எழும்போது ஒவ்வொரு டிரைவரிடமும் உன் சாதனத்தை எழுப்பு என்று விண்டோஸ் சொல்கிறது. ஒரு டிரைவர் பதிலே சொல்லவில்லை என்றால், ஒரு அளவுக்கு மேல் பொறுக்காமல் இப்படி நிறுத்திவிடும். நிறுத்தும்போது C:\Windows\Minidump ஃபோல்டரில் ஒரு ஃபைல் எழுதுகிறது. WinDbg என்ற இலவசக் கருவியில் அதைத் திறந்து இந்தக் கமாண்டைக் கொடுத்தால் போதும்:

```
!analyze -v
```

IMAGE_NAME என்ற வரியில் நின்றது அந்தத் தனி கிராஃபிக்ஸ் சிப்பின் டிரைவர். எப்போதும் பட்டனை அழுத்தி அணைத்தே பழகியவர்களுக்கு இந்த ஃபைல் கிடைக்கவே கிடைக்காது.

டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரின் தேதி லேப்டாப் வாங்கியதற்கும் முந்தையது. தேதியைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: சிப்செட் வரிகளில் 1968 ஜூலை 18 என்று பார்த்தால் பதற வேண்டாம். அது இன்டெல் தொடங்கப்பட்ட நாள், வேண்டுமென்றே போட்டது. விண்டோஸோடு வரும் டிரைவர்கள் பலவற்றில் 2006 ஜூன் 21 என்று இருப்பதும் அப்படித்தான். அவற்றில் தேதியை விட்டுவிட்டு வெர்ஷன் எண்ணைப் பாருங்கள்.

லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இருந்தது அதே பழைய டிரைவர்தான். சிப் செய்யும் கம்பெனியின் தளத்தில் அதே சிப்புக்குப் புதியது இருந்தது. பழையதை முழுக்க நீக்கும் கிளீன் இன்ஸ்டால் வழியில் அதைப் போட்டேன். அப்புறம் Link State-ஐ அதன் பழைய Maximum power savings நிலையிலேயே விட்டு, பேட்டரியில் ஓடவிட்டு, நாள் முழுக்க மூடித் திறந்து பார்த்தேன். எழுந்தது. இன்றுவரை எழுகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் அணைத்தே வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி இருக்கும் மெஷினில் அது மிச்சப்படுத்தும் சில நொடிகள் எனக்கு வேண்டாம். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பிறகு அந்த டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, இதெல்லாம் S3 வகை ஸ்லீப் இருக்கும் மெஷினில் நடந்தது. powercfg /a கொடுத்தால் Standby (S3) என்று வருகிறதா, S0 Low Power Idle என்று வருகிறதா என்பது தெரியும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இரண்டாவதுதான். அதில் மெஷின் முழுதாகத் தூங்குவதே இல்லை, அதனால் powercfg /sleepstudy அறிக்கையில் இருந்து தேட ஆரம்பிக்க வேண்டும்.

சரி, நண்பரின் கேள்வி. என் லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறது, நான் விற்கப்போவதில்லை. ஆனாலும் அவரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். விலை எவ்வளவு இறங்கினாலும், தன் மாடலுக்குப் புது டிரைவர் போடுவதை நிறுத்திவிட்ட கம்பெனிக்கு இன்னொருவர் பணம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. "உங்களுது நல்லாத்தானுங்க ஓடுது?" என்று திருப்பிக் கேட்டார். ஓடுகிறது. ஆல்பம் வேலைக்குத் தனி கிராஃபிக்ஸ் சிப் கட்டாயமில்லை, அது இல்லாத மாடலாகப் பாருங்கள், வாங்கும் முன் அந்தக் கம்பெனியின் தளத்தில் மூன்று வருஷம் பழைய மாடல் ஒன்றைத் தேடி அதற்குக் கடைசியாக எப்போது டிரைவர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றேன்.