விலைப்பட்டியல் அச்சடிக்கக் கொடுக்கும் கடைக்காரர்கள் கவனத்துக்கு

ஹட்டன் பக்கம் தோட்டத்து முகப்பில் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விலையை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். கொப்பியில் கலந்துகட்டி எழுதியிருந்த விலைகளை வகைபிரித்து, அழகாக அச்சடித்து, லமினேட் செய்து தருவதாக நகரத்தில் ஓர் அச்சுக்கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. படித்தால்தான் வயிறு எரிந்தது.

வகைப்படுத்திய லட்சணத்தை முதலில் சொல்கிறேன். 'எண்ணெய் வகை' என்ற தலைப்பில் தேங்காய் எண்ணெய்க்குக் கீழே மண்ணெண்ணெய். 'குளிர்பானம்' என்ற தலைப்பில் அப்பச்சோடா. கடை வாசலில் ஒரு நாள் நின்றவன்கூட இப்படிச் செய்யமாட்டான். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அலகில் நடந்தது அப்படியல்ல.

கொப்பியில் நெத்தலி 100கி 180 என்றும் பருப்பு 1கி 290 என்றும் இருந்தது. ஒன்று கிராம், மற்றது கிலோ. கடையில் யாருக்கும் இது குழப்பமில்லை. அவர் ஒரு வார்த்தை கேட்காமல் 'கி' என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் 'கிலோ' என்ற ஒரே தலைப்புக்குள் தள்ளி, 100 என்பதையும் விட்டுவிட்டார். நெத்தலி கிலோ 180 ரூபாய் ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெய் போத்தல் விலை, லீற்றர் விலையாக மாறியது. எங்கள் பக்கம் போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். லீற்றருக்குக் கால் லீற்றர் என் கையிலிருந்து போகும். லயத்து அக்கா ஒருவர் பட்டியலைக் காட்டி, "தம்பி, இதில் கிலோ 180 என்றுதானே போட்டிருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

இதைவிட மோசம் மசாலாப் பகுதி. கொப்பியில் இருந்த வரிசை: மிளகாய்த்தூள் 100 கிராம் 150, மல்லித்தூள் 100 கிராம் 110, மிளகு 50 கிராம் 190, மஞ்சள்தூள் 50 கிராம் 120. அவர் அகர வரிசையில் அடுக்கியபோது பெயர்ப் பத்தியை மட்டும் தெரிவுசெய்திருக்கிறார். எக்செல் அந்த இடத்தில் `Expand the selection` என்று கேட்கும். அதை விட்டு `Continue with the current selection` என்பதை அழுத்தினால் பெயர்கள் மட்டும் இடம் மாறும், அலகும் விலையும் நின்ற இடத்திலேயே நிற்கும். விளைவு: மஞ்சள்தூள் 100 கிராம் 150, மிளகாய்த்தூள் 50 கிராம் 190, மிளகு 50 கிராம் 120. மல்லித்தூள் மட்டும் இரண்டு வரிசையிலும் இரண்டாவது இடத்தில் இருந்ததால் சரியாக வந்தது. நான் முறையிட்டபோது அவர் விரல் வைத்துக் காட்டியது அதே மல்லித்தூளை! "பாருங்கள் அண்ணன், நீங்கள் கொடுத்த விலைதானே?"

இந்தப் பிழையின் வில்லங்கம், கூட்டிப் பார்த்தாலும் பிடிபடாது என்பதுதான். விலைகளின் மொத்தம் மாறவே மாறாது. ஒன்றிரண்டு பொருளைத் தொட்டுப் பார்ப்பதும் போதாது. மறுபடி வேறிடத்தில் கொடுத்தபோது ஒவ்வொரு வரியிலும் பெயருக்குப் பின்னால் அதே கட்டத்துக்குள் ஓர் இலக்கமும், விலைக்குப் பின்னால் தனிப் பத்தியில் அதே இலக்கமும் எழுதிக் கொடுத்தேன். வகை பிரித்து அடுக்கிய பின்னும் ஒரே வரியில் பெயரோடும் விலைக்குப் பின்னாலும் ஒரே இலக்கம் இருந்தால் வரி உடையவில்லை. பார்த்து முடித்ததும் அந்த இலக்கங்களை அழித்துவிட்டு அச்சுக்குப் போகலாம். அளவையும் கிராம், கிலோ, போத்தல் என்று முழுதாக எழுதி, தனிப் பத்தியாகக் கேளுங்கள்.

விலைப் பத்தியையும் கவனியுங்கள். முதல் அச்சுக்கடையில் ஸ்பேஸ் தட்டித் தட்டி விலைகளை நகர்த்தியிருந்தார்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலமில்லை. 'மிளகு' எடுக்கும் இடம் வேறு, 'மிளகாய்த்தூள்' எடுக்கும் இடம் வேறு. ஸ்பேஸ் எத்தனை தட்டினாலும் விலைகள் நேராக நிற்காது. எழுத்துரு மாறினால் இருக்கிற ஒழுங்கும் போய்விடும். அட்டவணை போட்டு, விலையை வலப்பக்கம் ஒட்டி நிறுத்தினால் 95இன் ஐந்தும் 1,150இன் பூச்சியமும் நேர்கோட்டில் வரும். ஒரு வரியில் 290/= என்றும் அடுத்ததில் 290.00 என்றும் இருந்தால் அதுவும் கெடும். தலைப்பில் ஒரு முறை 'ரூபா' என்று போட்டால் போதும்.

மறு அச்சு கேட்டதற்கு, "கொப்பியில் இருந்ததைத்தான் அடித்தோம்" என்று சொல்லிப் புதிய கட்டணம் கேட்டார்கள். பணத்தைத் திருப்பித் தரவில்லை. முன்பணம் கொடுப்பதானால் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியை, லமினேட் செய்வதற்கு முன் சாதாரணத் தாளில் ஒரு படி வாங்கி வரிக்கு வரி பார்த்த பிறகு கொடுங்கள். லமினேட் ஆன தாளில் பேனாவால்கூடத் திருத்த முடியாது.