உள்ளியா, பூண்டா? சமையல் குறிப்பில் எந்தப் பெயர்

யாழ்ப்பாணச் சமையலை எழுதுபவருக்கு மூன்று வழிகள் உண்டு. எங்கள் பெயர்களை மட்டும் எழுதலாம். தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு முழுதாக மாறலாம். அல்லது பொருள் பட்டியலில் இரண்டையும் அருகருகே வைக்கலாம். நான் கடைசி வழியையே பிடித்துக்கொண்டேன்.

முதல் வழியில், பூண்டுக் குழம்பைத் தேடும் மதுரைக்காரருக்கு எங்கள் உள்ளிக் குழம்பு கிடைக்காது. இரண்டாவதில் அவருக்குக் கிடைக்கும், ஆனால் பீன்ஸ், முட்டைக்கோஸ், எலுமிச்சை ஆகியவற்றைப் போஞ்சி, கோவா, தேசிக்காய் என்று தேடும் எங்கள் ஆட்கள் வேறெங்கோ போய்விடுவார்கள்.

ஆகவே ‘உள்ளி (பூண்டு) 10 பல்’, ‘பெருஞ்சீரகம் (சோம்பு) 1 தேக்கரண்டி’ என்று பட்டியலில் எழுதிவிட்டு, செய்முறையில் எங்கள் பெயரை மட்டும் வைக்கிறேன். பட்டியலில் பெயர் உருபு ஏற்காமல் நிற்பது முக்கியம். செய்முறையில் ‘பெருஞ்சீரகத்தை’ என்று வரும்போது இறுதி ‘ம்’ போய்விடுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் ‘பெருஞ்சீரகம்’ அங்கே சிக்காது.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது தேடல் அல்ல. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் இடங்களே உண்மையான தொல்லை. அங்கே வாசகர் குறிப்பைக் கண்டுபிடித்துவிடுவார், சமைத்தும் முடிப்பார், கறிதான் கெடும். எங்கள் வீடுகளில் பருப்புக்கறி என்றால் மைசூர்ப் பருப்பு. ஊறவைக்காமலே திறந்த சட்டியில் கால் மணி நேரத்தில் மசிந்துவிடும். சென்னையில் பருப்பு என்றதும் துவரம் பருப்பைத்தான் எடுப்பார்கள். அது தேங்காய்ப்பால் விட்ட பிறகும் விதை விதையாக நிற்கும்.

மிளகாய்த்தூள் இன்னும் மோசம். இங்கே பல வீடுகளில் அது செத்தல் மிளகாயோடு மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்துத் திரித்த தூள். இறைச்சிக் கறிக்கு 3 மேசைக்கரண்டி என்று படித்துவிட்டுத் தனி மிளகாய்த்தூளைப் போட்டவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். எனவே ‘வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூள்’ என்று எழுதி, அது இல்லாதவர்களுக்கு 1 மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், 2 மேசைக்கரண்டி மல்லித்தூள், மிளகு, சீரகம், சோம்புத் தூள்களில் அரைத் தேக்கரண்டி வீதம் என்று சேர்க்கிறேன். வெறும் சட்டியில் மெல்லிய தீயில் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுத் தூளின் மணம் வராது, காரம் மட்டும் ஏறத்தாழ ஒத்துவரும்.

மட்டக்களப்புச் சமையலில் எனக்குப் பழக்கம் குறைவு. அந்தப் பக்கத்துக் குறிப்புகளை அங்குள்ளவர்களிடம் கேட்டே எழுதுகிறேன்.

ஒடியல் மாவுக்கு மட்டும் இந்த முறை உதவவில்லை. ‘பனங்கிழங்கு மாவு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டால், அவித்துக் காயவைத்த கிழங்கின் மாவை வாங்கிவிடுவார்கள். அது எங்கள் புழுக்கொடியல் மாவாகிவிடும். கூழுக்கு வேண்டியது பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்து இடித்த மா. அதை அப்படியே ஒரு முழு வரியாக எழுதி, கசப்புப் போக நீரில் ஊறவைத்துத் தெளிந்த நீரை வடித்த பின்பே கூழில் கரைக்க வேண்டும் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுகிறேன்.