"நாலு வயர் போதும் சார்" என்று சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டுக்குள் லேன் கேபிள் இழுக்க ஆள் வைக்கப் போகிறீர்கள் என்றால், காசைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கேட் 6 ரகக் கேபிள் என்று பேசி பணம் வாங்கியவர் எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போனது, நூறு மெகாபிட்டைத் தாண்டவே முடியாத வேலை. அதற்கு மேல் ஒரு கடைக்காரர், "கேட் 8 போடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று விலை கூடிய வயர் ஒன்றையும் தலையில் கட்டினார்.

ரவுட்டர் படுக்கையறையில் இருக்கிறது, பிஎஸ்5 ஹாலில் டிவிக்குப் பக்கத்தில். எங்களுடையது 300 மெகாபிட் ஃபைபர் பிளான். சுவருக்குள் பைப் வழியாகக் கேபிள் இழுத்து, இரண்டு முனையிலும் வயரைச் செருகும் ஐஓ பாக்ஸ் வைத்துத் தருவதாகப் பேச்சு. வேலை முடிந்ததும் கன்சோலில் நெட் வந்தது, கேமும் ஓடியது. ஆனால் ரவுட்டர் பக்கத்தில் வைஃபையில் போனுக்கு 280, 290 வருகிறது, வயர் போட்ட கன்சோலுக்கு 93, 94-ஐத் தாண்டவே இல்லை. 100 ஜிபி கேம் ஒன்று 300 மெகாபிட்டில் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். இங்கே இரண்டேகால் மணிக்கு மேல் ஆனது.

அந்த 94 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெட் மெதுவாக இருந்தால் வேகம் ஏறி இறங்கும்: ஒரு நேரம் 60, இன்னொரு நேரம் 150. எந்த நேரத்தில் பார்த்தாலும் 93, 94, 95-லேயே முட்டி நின்றால், ரவுட்டருக்கும் கன்சோலுக்கும் நடுவே உள்ள லிங்க் நூறு மெகாபிட்டில் கட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பாக்கெட் தலைப்புகளுக்குப் போவது போக நூறில் மிஞ்சுவது அவ்வளவுதான். கிகாபிட், அதாவது ஆயிரம் மெகாபிட் லிங்க் என்றால் இதே கணக்கில் 940 வரை போகும்.

கூப்பிட்டுச் சொன்னதும் இழுத்தவர் வந்தார், டெஸ்டரை மாட்டினார். விளக்குகள் வரிசையாக எரிந்தன, 7 மட்டும் எரியவில்லை. "அது நெட்டுக்குத் தேவையே இல்ல சார், 1, 2, 3, 6 நாலு வயர் போதும். உங்க கன்சோல்லதான் பிரச்சனை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, ஆபத்தே அதுதான். கேபிளுக்குள் எட்டு வயர், நாலு ஜோடி. நூறு மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடியே போதும். நாம் வழக்கமாகப் போடும் பி வரிசையில் அவை ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட் அப்படியில்லை. 4-5 நீலம், 7-8 பிரவுன் உட்பட நாலு ஜோடியும் முழுசாக வேண்டும். இதில் ஒரே ஒரு வயர் அறுந்திருந்தாலும் கிகாபிட் கிடையாது.

அப்படியானால் லிங்க் வராமலே போகவேண்டாமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். எந்த வேகத்தில் பேசுவது என்று இரண்டு கருவிகளும் பேசி முடிவு செய்வது ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில்தான். அது நன்றாகவே நடக்கும், இரண்டு பக்கமும் கிகாபிட்டுக்கு ஒத்துக்கொள்ளும். கிகாபிட்டில் இணைய முயலும்போது பிரவுன் ஜோடி செத்திருப்பது தெரிந்ததும், பெரும்பாலான சிப்கள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். திரையில் எந்தப் பிழையும் வராது. விளையாடும்போதும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் ஆன்லைன் கேமுக்கு நூறே தாராளம். டவுன்லோடில்தான் மாட்டும்.

கன்சோலின் வேகச் சோதனையை மட்டும் வைத்து யாரிடமும் வாதாட முடியாது, அது சர்வரைப் பொறுத்து மாறும். அதனால் கன்சோலில் மாட்டியிருந்த அதே வயரைக் கழற்றி லேப்டாப்பில் போட்டேன். விண்டோஸில் பவர்ஷெல் திறந்து இந்த ஒரு வரி போதும்:

```
Get-NetAdapter
```

ஈதர்நெட் வரிசையில் `LinkSpeed` என்ற இடத்தில் `100 Mbps` என்று இருந்தது. லேப்டாப்பில் உள்ளது கிகாபிட் போர்ட்தானா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த யூஎஸ்பி லேன் அடாப்டர்கள் பல நூறோடு நிற்கும். அப்புறம் லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்திலேயே கொண்டுபோய், ரவுட்டரோடு வந்த குட்டி வயரில், சுவர்க் கேபிள் மாட்டியிருந்த அதே போர்ட்டில் மாட்டினேன். `1 Gbps`. இந்தப் படியை விடக்கூடாது. நெட் கம்பெனிகள் தரும் சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை நூறுதான். அப்படிப்பட்ட போர்ட்டில் மாட்டியிருந்தால் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் போர்ட் சரி, லேப்டாப் சரி. மிச்சம் இருப்பது கன்சோல் பக்கத்துச் சின்ன வயரும் சுவருக்குள் இருப்பதும்.

சின்ன வயர் பழசு என்பதால்தான் கடைக்குப் போனது. அங்கே கிடைத்ததுதான் கேட் 8. மாற்றிப் போட்டும் அதே `100 Mbps`. கிகாபிட்டுக்கு கேட் 5இ-யே நூறு மீட்டர் வரை போதும். கேட் 8 என்பது டேட்டா சென்டரில் 25, 40 கிகாபிட்டுக்காக, 30 மீட்டருக்குள் போடுவது. சுவருக்குள் ஒரு ஜோடி அறுந்திருக்கும்போது வெளியே எத்தனையாம் நம்பர் வயர் மாட்டினாலும் ஒன்றும் மாறாது. நூறு மெகாபிட் என்று சொன்ன உடனே பெரிய நம்பரை எடுத்து நீட்டும் கடையில் வாங்காதீர்கள்.

கடைசியில் வேறு ஒருவரை வரவழைத்து ஹால் ஐஓ பாக்ஸைத் திறந்தோம். வெள்ளை-பிரவுன் வயர் ஜாக்கின் பல்லில் உட்கார்ந்திருந்தது போலத்தான் தெரிந்தது. விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. முனையை வெட்டித் திரும்பவும் ஜாக்கில் அழுத்திப் பஞ்ச் செய்யப் போனால், பக்கத்து வயரும் முறிந்தது. அவர் ஒரு வயரை எடுத்து பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி மாதிரி பளபளப்பு. செம்பு பூசிய அலுமினியம்! உறையின் மேல் மட்டும் கேட் 6 என்று அழகாக அச்சடித்திருந்தது.

முழுச் செம்பாக இல்லாத வயரை கேட் 5இ என்றுகூடச் சொல்லக் கூடாது, தரவிதி அதற்கு இடம் கொடுப்பதில்லை. மின்தடை அதிகம், அதைவிட மோசம் அதன் முறியும் குணம். பைப்பில் வளைத்து இழுக்கும்போதே உள்ளுக்குள் விரிசல் விடும். இன்றைக்கு எட்டு விளக்கும் எரிந்தாலும், சில மாதம் கழித்து ஒன்று அணையலாம். வயரை லேசாக அசைத்தால் லிங்க் கிகாபிட்டுக்கும் நூறுக்கும் மாறி மாறி விழுகிறது என்றால் இப்படிப்பட்ட விரிசல்தான் முதல் சந்தேகம்.

முதலில் இழுத்தவருக்குச் சுரண்டிய வயரைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை, அப்புறம் போனையும் எடுப்பதில்லை. பழைய வயரையே பிடித்து இழுத்துப் புதுசை உள்ளே விட்டோம், இரண்டாவது முறை கூலி கொடுத்து.

உங்கள் வீட்டில் வேலை நடந்தால், பைப்பில் விடுவதற்கு முன்பே பெட்டியிலிருந்து ஒரு சாண் வயரை வெட்டிச் சுரண்டிப் பாருங்கள், உள்ளேயும் செம்பு நிறம் இருக்கவேண்டும். பில்லில் "முழுச் செம்பு" என்று எழுதி வாங்குங்கள். டெஸ்டர் விளக்கோடு நிறுத்தாமல், இழுத்தவர் முன்னாலேயே லேப்டாப்பை மாட்டி `1 Gbps` வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாதவரிடம் முன்பணமும் கொடுக்க வேண்டாம்.